மாறுதல் கேட்டு எழுதும் கடிதத்தை மூன்று பேர் படிக்கிறார்கள்

"கணக்குத் துறையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, ஏப்ரலில் இருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட இருப்பது அம்மா மட்டும்தான், அவருக்கும் முழங்கால் தேய்மானம். தம்பி வெளிநாட்டில். பெற்றோர் இருக்கும் நகரத்தில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கிளை இருக்கிறது. மே மாதம் துறைத் தலைவருக்கு இரண்டு பக்கம் எழுதி, எல்லாக் கஷ்டத்தையும் சொல்லி மாறுதல் கேட்டேன். 'பார்க்கலாம்மா' என்றார், அதோடு சரி. இப்போது ஜூலை. செப்டம்பர் கடைசியில் அரையாண்டுக் கணக்கு வேறு முடிக்க வேண்டும். மறுபடி எப்படி எழுதுவது?"

நான் ஒரு துறையைப் பதினோரு ஆண்டுகள் நடத்தியவன். உங்கள் மே மாதக் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நானும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். எழுதியவர் மேல் நம்பிக்கை இல்லாததால் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. கடிதம் முழுக்கத் துன்பம் இருக்கும், நான் எடுத்துச் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்காது.

பெரும்பாலான இடங்களில் துறைத் தலைவர் தன் கையெழுத்தால் மட்டும் உங்களை இன்னொரு நகரத்துக்கு மாற்றிவிட முடியாது. அவர் 'பரிந்துரைக்கிறேன்' என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். அது மனிதவளப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து நீங்கள் கேட்கும் கிளையின் தலைவருக்குப் போகும். ஆக உங்கள் கடிதத்தை மூன்று பேர் படிக்கிறார்கள், ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு கேள்வி. உங்கள் தலைவர், 'இவர் போனால் இந்த வேலையை யார் பார்ப்பது, எந்தத் தேதியில் இருந்து?' என்று நினைப்பார். மனிதவளப் பிரிவு, 'இதற்கு விடுப்பு போதாதா, மாறுதலே வேண்டுமா? சான்று இருக்கிறதா?' என்று பார்க்கும். அந்தக் கிளைத் தலைவரின் கேள்வியைத்தான் யாருமே யோசிப்பதில்லை: 'வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எனக்கு எப்படி வேலை செய்வார்?'

இந்த மூன்றாவது கேள்வியில் இருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். உங்களுக்கே அதற்குப் பதில் தெரியுமா என்று பாருங்கள்.

டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம். ஊசி போடுவதற்கு முன் எடை பார்ப்பது, முடிந்தபின் ரத்த அழுத்தம் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது, போக வர ஆகும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளில் ஆறு மணி நேரம் போய்விடும். அது காலை பத்து மணிக்கு நடந்தால், நீங்கள் பக்கத்துத் தெருவிலேயே வேலை பார்த்தாலும் அப்பாவோடு போக முடியாது. மாறுதல் கிடைத்து, வீட்டையும் மாற்றி, அதன்பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பாதி நாள் விடுப்பு கேட்டு நிற்பீர்கள். புதுத் தலைவருக்கு முதல் மாதமே உங்கள் மேல் கசப்பு வந்துவிடும்.

அதனால் கடிதத்துக்கு முன்னால் டயாலிசிஸ் மையத்தோடு பேசுங்கள். பல மையங்களில் ஒரே இயந்திரம் நாளுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஷிஃப்ட் முறையில் ஓடும், ஒவ்வொருவருக்கும் நேரம் நிரந்தரமாக ஒதுக்கியிருப்பார்கள். மாலை ஷிஃப்ட் கேட்டால் உடனே கிடைக்காமல் போகலாம், பெயர் கொடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். இன்றே பெயர் கொடுங்கள். மாலை ஐந்தரைக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சம் இருக்கும்போதே அம்மா அப்பாவைக் கூட்டிப்போய்விடலாம். நீங்கள் அலுவலகம் முடிந்து நேராக மையத்துக்குப் போனால், ஒன்பதரை பத்து மணிக்கு அவரை வீட்டுக்கு அழைத்து வரலாம். டயாலிசிஸ் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது சகஜம். முழங்கால் வலியோடு அம்மாவால் அந்த நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்துப் படியேற்ற முடியாது. உங்கள் வீட்டுக்கு நீங்கள் தேவைப்படும் இடம் சரியாக அதுதான். இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கடிதத்தின் எடையே மாறிவிடும். 'அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற பெரிய, வடிவமில்லாத காரணம், 'வாரம் மூன்று நாள் இரவு பத்து மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும், பகலில் முழு நேரமும் வேலை செய்வேன்' என்று ஆகிவிடுகிறது. கிளைத் தலைவர் மறுக்கச் சிரமப்படுவது இரண்டாவதைத்தான்.

மாலை ஷிஃப்ட் கிடைக்கவே இல்லை என்றால் பொய்யாக எழுத வேண்டாம். காலை முதல் ஷிஃப்ட் கிடைக்குமா, ஒரு நாளைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மீதி எத்தனை மணி நேரம் அலுவலக நேரத்தைத் தொடுகிறது, அதை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்பதை எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

அடுத்தது மனிதவளப் பிரிவின் கேள்வி. விடுப்பு ஏன் போதாது? அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்றவற்றுக்கு விடுப்பு போதும், அவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் டயாலிசிஸுக்கு முடிவுத் தேதி கிடையாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, அல்லது வாழ்நாள் முழுக்க, தொடர வேண்டியதுதான். இது உங்களுக்குத் தெரியும், கோப்பைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அப்பாவின் சிறுநீரக மருத்துவரிடம் சான்று வாங்கும்போதும் இதைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்: நோயின் பெயர், வாரம் எத்தனை முறை, எப்போதிலிருந்து, தொடர்ந்து தேவைப்படும், உடன் ஒருவர் இருப்பது அவசியம். ஐந்தும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம் என்று ஒரு கட்டைக் கொண்டுபோய் இணைக்காதீர்கள். அது உங்கள் அப்பாவின் அந்தரங்கம், எத்தனை மேசைகளைத் தாண்டிப் போகும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. போதாததற்கு, முக்கியமான ஒரு தாள் அந்தக் கட்டுக்குள் புதைந்துபோகும்.

'வேறு யாரும் இல்லையா?' என்ற கேள்வியும் கூடவே வரும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் கேட்பார்கள். தம்பி வெளிநாட்டில் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அவன் ஏன் வர முடியாது என்று விளக்கம் வேண்டாம்.

இனி உங்கள் தலைவர். உங்கள் மே மாதக் கடிதத்தில் நீங்கள் பார்க்கும் வேலையைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா? இருந்திருக்காது என்று நினைக்கிறேன், யாருமே எழுதுவதில்லை. அதிலும் கணக்குத் துறையில் அரையாண்டு முடிவு நெருங்கும்போது ஒருவர் 'கூடிய விரைவில்' மாறுதல் கேட்டால், தலைவருக்குச் செப்டம்பர் கடைசி வாரம்தான் கண்முன் வரும். அவர் உங்கள் அப்பாவைப் பற்றி யோசிக்கவே இடம் இருக்காது. நீங்களே முந்திக்கொண்டு, 'அரையாண்டு முடியும்வரை இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால், அவர் மறுப்பதற்கு வைத்திருக்கும் முதல் காரணம் போய்விடும். அரையாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அதன்பின் இரண்டு வாரம் பொறுப்பு ஒப்படைக்க. அக்டோபர் 15 என்று ஒரு தேதியை எழுதுங்கள். 'விரைவில்' என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். தேதி இருந்தால்தான் தலைவர் நாட்காட்டியில் குறிக்க முடியும்.

உங்கள் வேலையை மூன்று நான்கு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் யாரிடம் எப்போது கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சக ஊழியரின் பெயரை அவரிடம் கேட்காமல் எழுதிவிடாதீர்கள். ஒருமுறை ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்தார். நான் பெயர் குறிப்பிடப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, முகம் சிவந்துவிட்டது. அந்த மாறுதல் அதோடு இரண்டு மாதம் தள்ளிப்போனது.

கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் தலைவரிடம் பத்து நிமிடம் கேட்டு நேரில் பேசுங்கள். புதிய கடிதம் திடீரென்று போனால், 'நான் பார்க்கலாம் என்றேனே, என்னை நெருக்குகிறாரா?' என்று தோன்றும். 'சார், மே மாசம் கொடுத்த கடிதத்துல தேதியும் பொறுப்பு ஒப்படைக்கிற விஷயமும் இல்ல. அதச் சேர்த்து மறுபடி எழுதித் தர்றேன், நீங்க மேல அனுப்ப வசதியா இருக்கும்' என்று ஆரம்பித்தால் போதும். அங்கே மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: அந்தக் கிளையில் உங்கள் நிலையில் காலியிடம் இருக்கிறதா, கடிதம் அடுத்து யாரிடம் போகும், அக்டோபர் 15 அவருக்கு ஒத்துவருமா. தேதியை அவர் நவம்பர் 1 என்று தள்ளினால் அதையே கடிதத்தில் எழுதுங்கள், அவர் சொன்ன தேதியை அவரே மறுக்க மாட்டார். அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுப்பது நீங்கள்தான் என்ற பேச்சு வீட்டில் இருந்தால், அதையும் இந்தச் சந்திப்பில் வாய்மொழியாகச் சொல்லிவிடுவது நல்லது. தானம் கொடுப்பவருக்குச் சில வாரங்களாவது ஓய்வு வேண்டும். சேர்ந்த இரண்டாவது மாதம் அது தெரியவந்தால் மறைத்ததாக ஆகிவிடும்.

கடிதம் இப்படி இருக்கலாம், ஒரே பக்கம்:

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), கணக்குத் துறை
பெறுநர்: துறைத் தலைவர், கணக்குத் துறை
தேதி: ஜூலை 10
பொருள்: தந்தையின் சிகிச்சை காரணமாக (நகரம்) கிளைக்கு அக்டோபர் 15 முதல் இடமாறுதல் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

நம் கணக்குத் துறையில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வரும் அக்டோபர் 15 முதல் எனக்கு (நகரம்) கிளைக்கு இடமாறுதல் வழங்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் நான் அளித்த கடிதத்துக்குப் பதிலாக இதனை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்நகரில் வசிக்கும் என் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, ஏப்ரல் மாதத்திலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. இது காலவரையின்றித் தொடர வேண்டிய சிகிச்சை என மருத்துவர் சான்றளித்துள்ளார். உடன் இருப்பவர் என் தாயார் மட்டுமே. முழங்கால் தேய்மானம் உள்ளதால், சிகிச்சை முடிந்தபின் தந்தையை அவரால் தனியாக அழைத்து வர இயலவில்லை. என் ஒரே சகோதரர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். முடிவுத் தேதி இல்லாத சிகிச்சை என்பதால் விடுப்பின் மூலம் இதைச் சமாளிக்க வழியில்லை.

செப்டம்பர் மாதத்திலிருந்து சிகிச்சைக்கு மாலை 5:30 மணி ஷிஃப்ட் ஒதுக்கப்பட்டுள்ளது. என் தாயார் அவரை அழைத்துச் செல்வார். அலுவலக நேரம் முடிந்தபின் நான் அங்கு சென்றால் போதும். ஆகவே புதிய கிளையில் முழு வேலை நேரமும் பணிக்கு வர இயலும்.

இங்கு என் பொறுப்பில் உள்ளவை: சப்ளையர் பில்கள், வங்கிக் கணக்கு ஒத்திசைவு, அரையாண்டு முடிவுக்கான அட்டவணைகள். அரையாண்டுப் பணியை செப்டம்பர் 30-க்குள் நானே முடித்துத் தருகிறேன். பில்களையும் வங்கி ஒத்திசைவையும் ஆகஸ்ட் மாதம் முதல் (சக ஊழியர் பெயர்) என்னுடன் சேர்ந்து பார்க்கச் சம்மதித்துள்ளார். அக்டோபர் 1 முதல் 14 வரை அவர் தனியாகச் செய்வார், நான் சரிபார்ப்பேன். மாறிச் சென்றபின்பும் ஒரு மாதம் தொலைபேசியில் சந்தேகங்களுக்குப் பதில் தருவேன்.

அக்கிளையில் தற்போது காலியிடம் இல்லையெனில், அங்கிருந்து இங்கு வர விரும்புவோர் இருந்தால் மனமொத்த மாறுதலாகவோ, ஆறு மாதத் தற்காலிக மாறுதலாகவோ பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: மருத்துவர் சான்று

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இதில் உங்கள் அம்மா அழுதது இல்லை, நீங்கள் தூங்காத இரவுகள் இல்லை. அவையெல்லாம் உண்மைதான். அதை நேர்ப் பேச்சில் உங்கள் முகமே சொல்லிவிடும். கடிதத்தில் எழுதினால், உங்களை ஒருமுறைகூடப் பார்க்காத கிளைத் தலைவர் அதைப் படித்து, 'இவர் வேலையில் கவனம் வைப்பாரா?' என்று தயங்குவார்.

இரண்டாவது பத்தியை நான் வேண்டுமென்றே வறட்சியாக எழுதினேன். உங்கள் தலைவர் பரிந்துரைக் குறிப்பு எழுதும்போது அந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். 'தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், சான்று இணைக்கப்பட்டுள்ளது, அரையாண்டுக்குப் பின் விடுவிக்கலாம், மாற்று ஏற்பாடு உள்ளது' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை முடிந்தது.

மாற்று வழிகள் சொல்லும் பத்தியைச் சிலர் வைக்க வேண்டாம் என்பார்கள், சின்னதைக் கேட்டால் சின்னதைத்தான் கொடுப்பார்கள் என்று. உங்கள் விஷயத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம். காலியிடம் இல்லை என்ற ஒற்றை வரியில் கோப்பு மூடப்படுவதுதான் இங்கே பெரிய ஆபத்து, அந்தப் பத்தி அதைத் தடுக்கிறது. ஆனால் இரண்டு மாற்றுக்கு மேல் போகாதீர்கள். ஐந்து வழிகள் எழுதினால் உங்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று ஆகிவிடும்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. 'கிடைக்காவிட்டால் ராஜினாமா செய்ய நேரிடும்.' அது உண்மையாகவே இருந்தாலும் எழுதாதீர்கள். போகப்போகிறவர் என்று முடிவு செய்துவிட்டால் உங்களுக்காக இன்னொரு கிளையோடு பேச யாருக்கும் மனம் வராது, உங்கள் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதேபோல் முதல் நாளே மேலதிகாரிக்கு நகல் அனுப்பாதீர்கள். துறைத் தலைவர் வழியாகப் போக வேண்டிய கடிதம் அவரைத் தாண்டிப் போனால், பரிந்துரை எழுத வேண்டிய கை மடங்கிக்கொள்ளும்.

கொடுத்தபின் கடிதம் நகர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'பார்க்கலாம்' என்பது நகர்ந்ததற்கு அடையாளம் இல்லை. மனிதவளப் பிரிவில் இருந்து யாராவது உங்களிடம் எதையாவது கேட்டால், சான்றின் மூலப்படியோ வேறு எதுவோ, அப்போது கோப்பு மேலே போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை என்றால் தலைவரிடம் 'என்ன ஆச்சு?' என்று கேட்காதீர்கள். 'சார், மேல அனுப்பியாச்சுன்னா நான் எச்.ஆர்.ல யாரைப் பார்க்கட்டும்?' என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் பெயர் சொல்வார். அனுப்பவில்லை என்றால் அன்று மாலையே அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சண்டை தொனி இல்லாமல். 'காலியிடம் இல்லை' என்பதும் 'துறையில் இருந்து விடுவிக்க முடியாது' என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குக் காத்திருப்பும் மனமொத்த மாறுதலும் பதில். இரண்டாவதற்கு ஒப்படைப்பு ஏற்பாடு பதில், அதை இன்னும் கெட்டியாக்கிக்கொண்டு ஜனவரியில் மீண்டும் கேட்கலாம்.

ஆணை வந்துவிட்டால், சந்தோஷத்தில் மடித்துப் பையில் வைக்காமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். நிரந்தர மாறுதலா தற்காலிகமா, பதவி நிலையும் சம்பளமும் அப்படியே தொடர்கிறதா, சேமித்த விடுப்பு நாட்கள் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். 'சொந்த வேண்டுகோளின் பேரில்' என்ற சொற்கள் இருந்தால், பல நிறுவனங்களில் பயணச் செலவும் வீடு மாற்றும் படியும் கிடைக்காது. சில இடங்களில் பணிமூப்பு வரிசையிலும் அந்தக் கிளையில் உள்ளவர்களுக்குப் பின்னால்தான் வைப்பார்கள். அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரையிலான உங்கள் வேலையை மதிப்பிடப்போவது யார் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதத்தை உங்களைத் தெரிந்த தலைவரே மதிப்பிட்டு, நீங்கள் கிளம்பும் முன் கையெழுத்திட்டு வைத்துவிட்டால், வருட முடிவில் புதுக் கிளைத் தலைவர் மீதி அரையாண்டை மட்டும் பார்த்தால் போதும்.